முதல் டவ்டெயில்: முளைக்கு இடப்பக்கம் மட்டும் இடைவெளி, முழுசா இறங்கவும் மாட்டேன் என்கிறது

பலகைப்பித்தன் (சனி இரவு)

எல்லாருக்கும் வணக்கம். படிப்பு மேசைக்கு ஒரு சின்ன இழுப்பறை செய்கிறேன். அகலம் 220, உயரம் 90, ஆழம் 250 மி.மீ. முகப்புக்கு 18 மி.மீ. தேக்கு. பாட்டியின் உடைந்த கட்டிலிலிருந்து எடுத்தது. அந்த நிறத்தில் இன்னொரு துண்டு என்னிடம் இல்லை, அதுதான் கவலை. பக்கப் பலகை இரண்டும் 10 மி.மீ. சில்வர் ஓக், அது நிறைய இருக்கிறது.

முன்னாலிருந்து பார்த்தால் இணைப்பு தெரியக்கூடாது என்று முகப்பில் 5 மி.மீ. தோல் விட்டு, வால் 13 மி.மீ. நீளம் வைத்தேன். பக்கப் பலகையில் மூன்று வால், முகப்பில் அதற்கேற்ற முளை. வாலை முதலில் வெட்டி, அதை முகப்பின் முனையில் வைத்துக் கத்தியால் கீறி, அப்புறம் முளை வெட்டினேன். இதுவரை முகப்பின் ஒரு முனைதான் முடிந்திருக்கிறது.

சேர்த்துப் பார்த்தால் இரண்டு பிரச்சினை. ஒவ்வொரு முளைக்கும் இடப்பக்கம் இடைவெளி. இரண்டு விசிட்டிங் கார்டு சேர்த்து நுழைகிறது. வலப்பக்கம் நன்றாகப் பிடிக்கிறது. இரண்டாவது, பலகை கடைசி ஒரு மி.மீ. இறங்கவே இல்லை. கொட்டாப்புளியால் தட்டினால் சத்தம் மாறுகிறது, ஆனால் நகரவில்லை. பயந்து நிறுத்திவிட்டேன்.

தேக்கைக் காப்பாற்ற வழி உண்டா?

மெஷின்_மணி

கையால் வெட்டினால் இப்படித்தான் வரும். வாலின் சாய்வை அதிகமாக வைத்திருந்தால் இறுக்கமாகப் பிடித்திருக்கும். என்ன சாய்வு வைத்தீர்கள்? ஆறுக்கு ஒன்றா, எட்டுக்கு ஒன்றா? சரி, இப்போதைக்கு அதே தேக்குத் தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டால் யாருக்கும் தெரியாது. நான் நாலைந்து தடவை செய்திருக்கிறேன்.

சாணைக்கல்

தம்பி, இன்னும் தட்டாதீர்கள். நிறுத்தியது நல்லது. தேக்கு நார் ஓட்டத்தோடு பிளந்துவிடும், அதிலும் ஓரத்தில் இருக்கும் பாதி முளைதான் முதலில் போகும்.

மணி, சாய்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெட்டு கோட்டில் விழவில்லை என்றால் எந்தச் சாய்விலும் இடைவெளி வரும். தூள் அடைப்பது பார்வைக்குச் சரி. ஆனால் வாலின் கன்னமும் முளையின் கன்னமும் நேரடியாக ஒட்டிப் பசை பிடிக்கும் இடம் அதுதான். அங்கே தூள்குழம்பு இருந்தால் பிடிமானத்தில் பாதி போய்விடும்.

பலகைப்பித்தன், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது, முகப்பை மறுபடி வைஸில் செங்குத்தாக மாட்டி, உள்முகம் உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்து, முளையின் இடக் கன்னத்தையும் வலக் கன்னத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கத்திக் கோட்டின் தடம் முளையின் மேல் மிச்சம் இருக்கிறதா? இரண்டாவது, உங்கள் ரம்பத்தால் ஏதாவது கழிவுத் துண்டில் ஒரு வெட்டுப் போட்டு, அந்தத் தடத்தில் எத்தனை விசிட்டிங் கார்டு நுழைகிறது என்று பாருங்கள். மூன்றாவது, இறங்காத இடத்துக்கு வாலின் அடிமுகத்திலும் மூலைகளிலும் மெதுபென்சிலைத் தேய்த்துவிட்டு, கையால் மட்டும் அழுத்தி எடுங்கள். குழியில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறது?

மாடிவீட்டு_மைனா

எனக்கும் இதே பிரச்சினைதான்! சமையலறை இழுப்பறை கடைசி ஒரு இன்ச் உள்ளே போகவில்லை. ஆசாரி பிளைவுட்டில் பெட்டி செய்து பக்கத்துக்கு ஒரு சேனல் மாட்டிவிட்டுப் போனார். டவ்டெயில் போட்டால் சரியாகிவிடுமா?

சாணைக்கல்

அம்மா, அது வேறு பிரச்சினை. அவருக்குப் பலகையோடு பலகை சேரவில்லை, உங்களுக்குப் பெட்டி அலமாரிக்குள் போகவில்லை. பந்து வைத்த பக்கவாட்டுச் சேனல் என்றால் பக்கத்துக்கு அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. இடம் வேண்டும். பெட்டி இரண்டு மி.மீ. அகலமாகிப் போயிருந்தாலும் கடைசியில் இறுகும். இரண்டு சேனலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளைவுட்டில் டவ்டெயில் வேண்டாம். அடுக்குகளில் பாதிக்குக் குறுக்கே நார் ஓடும், வாலின் மூலை உதிரும்.

கொட்டாப்புளி

நான் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். வாலை முதலில் வெட்டியதே தப்பு. எங்கள் அப்பா பட்டறையில் முளையைத்தான் முதலில் வெட்டுவார்கள். முளையைப் பலகை மேல் நிறுத்தி, வாலைக் கீறி, வெட்டி, ஒரே தட்டு. இந்த வீடியோ பார்த்துப் படிக்கிற பிள்ளைகள்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். முளை முதலில் என்றால் இடைவெளியே வராது.

பலகைப்பித்தன் (ஞாயிறு காலை)

சாணைக்கல் ஐயா, பார்த்துவிட்டேன்.

வலக் கன்னத்தில் கத்திக் கோட்டின் பாதி தெரிகிறது, முடி மாதிரி ஒரு பளபளப்பு. இடக் கன்னத்தில் ஒன்றுமே இல்லை, கோடே போய்விட்டது. எல்லா முளையிலும் இதே கதை. ரம்பத் தடத்தில் இரண்டு கார்டு நுழைகிறது. இடைவெளியிலும் இரண்டு! எனக்கே திக்கென்றது.

பென்சில் கறுப்பு குழியின் நடுவில் இல்லை. பின்பக்கம், தோலை ஒட்டிய இரண்டு மூலையிலும் மட்டும். மூன்று குழியிலும் அப்படித்தான்.

சாய்வு ஏழுக்கு ஒன்று.

சாணைக்கல்

அப்போது விடை கிடைத்துவிட்டது. கீறும்போது பலகை நகர்ந்திருந்தால், கோடு தப்பான இடத்தில் இருக்கும், ஆனால் கோடு இருக்கும். உங்களுக்குக் கோடே போய்விட்டது, இடைவெளியும் ரம்பத் தடத்தின் அகலமே இருக்கிறது. அதாவது இடக் கன்னத்தை வெட்டும்போதெல்லாம் ரம்பம் கழிவுப் பக்கம் நிற்காமல் கோட்டுக்கு மேலேறி முளைப் பக்கம் நின்றிருக்கிறது.

ஏன் இடப்பக்கம் மட்டும்? நீங்கள் வலக்கைக்காரர் என்று நினைக்கிறேன். ரம்பம் வலக்கையில், தலை அதற்குச் சற்று இடப்பக்கம். முளையின் வலக் கன்னத்தை வெட்டும்போது கழிவு வலப்பக்கம், கோடு ரம்பத்துக்கு இடப்பக்கம், கண்ணுக்கு நேராகத் தெரியும். இடக் கன்னத்தில் கழிவு இடப்பக்கம், கோடு பிளேடுக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொள்ளும். தெரியாத கோட்டைத் தொட்டுக்கொண்டே போகலாம் என்று கை நினைக்கும். அப்படியே மேலே ஏறிவிடும்.

இதற்கு நான் செய்வது ஒரு சின்ன வேலை. கத்திக் கோட்டில் உளியின் முனையை வைத்து, கழிவுப் பக்கத்திலிருந்து சாய்வாக ஒரு சீவல் எடுத்துவிடுவேன். அரை மி.மீ. ஆழத்தில் ஒரு படி கிடைக்கும், அதன் நேர்ச்சுவர் முளைப் பக்கம். ரம்பம் அந்தப் படியில் தானாக உட்காரும், கோடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சுவரைத் தாண்டாது. முதல் நாலைந்து இழுப்புக்குப் பாரம் கொடுக்காமல் ரம்பத்தின் எடையிலேயே விடுங்கள். அதற்குள் தடம் விழுந்துவிட்டால் மீதி தானாகப் போகும். தலையை வலப்பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பவர்களும் உண்டு, எனக்குக் கழுத்து ஒத்துழைப்பதில்லை.

தேக்கின் வெட்டு முனை கறுப்பு, கத்திக் கோடு தெரியாது. கீறுவதற்கு முன் முனையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேலேயே கீறி, கழிவுப் பக்கத்து டேப்பை உரித்துவிடுங்கள். வெள்ளையாக மிச்சமிருப்பது முளை. அதை ரம்பம் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

மூலைக் கறுப்பு பற்றி மத்தியானம் எழுதுகிறேன். சந்தைக்குப் போக வேண்டும்.

மெஷின்_மணி

ஒரு ரவுட்டரும் ஜிக்கும் வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பலகைப்பித்தன்

அண்ணா, ஒரு இழுப்பறைக்காகவா? மேலும் பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது.

கொட்டாப்புளி

சாணைக்கல் சொன்னது ரம்பத்துக்குச் சரி. ஆனால் நான் சொன்ன பேச்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சாணைக்கல் (ஞாயிறு மதியம்)

சொல்கிறேன், பொறுங்கள். முதலில் மூலை.

முகப்பில் தோல் விட்டு வெட்டும்போது ரம்பத்தை நேராக இறக்க முடியாது, தோல் அறுபட்டுவிடும். உள்முகத்துப் பக்கத்திலிருந்து சாய்த்துத்தான் அறுக்க முடியும். அதனால் ஒவ்வொரு கன்னத்திலும் ரம்பம் போவது முக்கோணமாகப் பாதிதான். மீதிப் பாதி, அதாவது தோலை ஒட்டிய அடிமூலை, உளியால்தான் வர வேண்டும். வாலின் நுனிப்பக்கம் அகலம், ஆகவே குழியும் தோல் பக்கம்தான் அகலம். அந்த மூலை செங்கோணத்தைவிடச் சற்றுக் கூர். நம் கடைகளில் கிடைக்கிற உளியின் பக்கவாட்டு விளிம்பு தடிமனாக இருக்கும். அது அந்த மூலைக்குள் போகாது. போனதாகத் தோன்றும், ஆனால் கொஞ்சம் நார் அப்படியே நின்றுவிடும். கையில் தடவினால்கூடத் தெரியாது. அந்த நார்தான் உங்கள் ஒரு மி.மீ.

மருந்து எளிது. மலிவான கால் இஞ்சு உளி ஒன்றை எடுத்து, அதன் இரண்டு பக்க விளிம்பையும் சாணையில் கத்தி முனை மாதிரி மெலிதாக்கிவிடுங்கள். சூடாக்கிவிடாமல், அடிக்கடி தண்ணீரில் தொட்டு. எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் தட்டவே வேண்டாம். கையால் கன்னத்தோடு ஒட்டி மேலிருந்து ஒரு தடவை, குழியின் தரையோடு ஒட்டி முன்னிருந்து ஒரு தடவை. இரண்டு வெட்டும் சந்திக்கும் இடத்தில் நார் தானாக உதிர்ந்து வரும். வராவிட்டால் பிடுங்கக்கூடாது, இன்னொரு தடவை வெட்ட வேண்டும்.

குழியின் தரையை மட்டும் ஒரு தடவை ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். ஸ்கேல் ஊஞ்சல் ஆடினால் நடுவில் மேடு. இரண்டு ஓரத்திலும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் நல்லது. நடுவில் கொஞ்சம் குழிவாக இருப்பதால் ஒன்றும் கெடாது, அங்கே பசைக்கும் பெரிய வேலை கிடையாது.

இப்போது கொட்டாப்புளி. அண்ணே, முளை முதலா வால் முதலா என்பது இடைவெளிக்குக் காரணமில்லை. இரண்டிலும் ஒன்றை வெட்டி அதிலிருந்து மற்றதைக் கீறுகிறோம். கீறியதை ஒழுங்காக அறுக்காவிட்டால் எந்த முறையிலும் இடைவெளிதான். நான் வாலை முதலில் வெட்டுவதற்குக் காரணம், இரண்டு பக்கப் பலகையையும் சேர்த்து வைஸில் பிடித்து ஒரே வெட்டில் அறுக்கலாம். முளையில் அது முடியாது.

ஆனால் இந்தத் தம்பியின் விஷயத்தில் உங்கள் முறைதான் அவரைக் காப்பாற்றப் போகிறது.

கொட்டாப்புளி

அப்படி வாங்க வழிக்கு.

தம்பி, தேக்கில் குழி அகலமாகிவிட்டது. ஆகட்டும். தேக்கைத் தொடாதே. சில்வர் ஓக் நிறைய இருக்கிறது என்றாயே, அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஒன்று எடு. இனி முளை இருக்கிறபடி வால் வெட்டிக்கொள்.

முதலில் குழியை முழுசாகச் சுத்தம் பண்ணிவிடு, மூலை எல்லாம். இனி அதில் உளி படக்கூடாது. புதுப் பலகையின் முனையை மூலைமட்டம் வைத்து இழைத்து நேராக்கு. முனையிலிருந்து 13-ல் நாலு பக்கமும் அடிக்கோடு போடு. முளைக்கு எந்த மார்க்கிங் கேஜை 13-க்கு வைத்தாயோ அதையே, அளவு மாற்றாமல். பலகையை உள்முகம் மேலே பார்க்க மேசையில் படுக்க வை. தேக்கை அதன் மேல் செங்குத்தாக நிறுத்து. தேக்கின் உள்முகம் அடிக்கோட்டில் சரியாக உட்கார வேண்டும். தோல் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் சரி. கீழ் விளிம்பும் கீழ் விளிம்பும் விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. அப்புறம் கத்தி.

பெரிய கத்தி வேண்டாம், முளைக்கு நடுவில் நுழையாது. ஆக்சா பிளேடு உடைந்த துண்டு ஒன்றைச் சாணை பிடித்து வைத்துக்கொள். எங்கள் அப்பா கடைசி வரை அதைத்தான் வைத்திருந்தார்.

பலகைப்பித்தன்

அடிக்கோட்டில் சரியாக உட்கார்வது எப்படி என்றுதான் புரியவில்லை ஐயா. கை எடுத்தால் நழுவுகிறது. போன தடவையும் மூன்று முறை கீறினேன்.

சாணைக்கல்

அடிக்கோட்டோடு ஒட்டி ஒரு நேரான சட்டத்தை க்ளாம்ப் போட்டுப் பிடித்துவிடுங்கள். தேக்கின் உள்முகத்தை அதில் சாய்த்து நிறுத்தினால் பின்னால் போகாது. பக்கவாட்டில் நகராமலிருக்க அந்தச் சட்டத்தோடு தேக்கையும் இன்னொரு க்ளாம்பால் பிடிக்கலாம். வால் முதலில் வெட்டுகிறவர்கள் வாலின் உள்முகத்தில் அடிக்கோடு வரை அரை மி.மீ. இழைத்து ஒரு படி எடுத்துக்கொள்வார்கள், அந்தப் படி முகப்பில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். இந்தத் தடவை உங்களுக்குச் சட்டம் போதும்.

ஒரு எச்சரிக்கை. முளையில் ரம்பம் கொஞ்சம் சாய்ந்தால் சீவிச் சரி செய்யலாம். வாலை அறுக்கும்போது பலகையின் தடிமனுக்குக் குறுக்கே ரம்பம் செங்கோணமாகப் போயே ஆக வேண்டும். அது சாய்ந்தால் உள்முகத்தில் பொருந்தும், வெளிமுகத்தில் பிளவு தெரியும். அந்த வெளிமுகம்தான் இழுப்பறையைத் திறந்தால் கண்ணில் படுவது. ஆகவே முனையின் மேலும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டுவிட்டு, முதலில் அந்தக் குறுக்குக் கோட்டில் தடம் விழுந்த பிறகுதான் சாய்வுக்கு ரம்பத்தைத் திருப்புங்கள்.

லாச்சி_யாழ்

நான் யாழ்ப்பாணம். இங்க நாங்கள் இழுப்பறையை லாச்சி எண்டுதான் சொல்லுறது, அதுதான் பேரும்.

சாணைக்கல் அண்ணை, ஒரு கேள்வி. நான் ஆனி மாதக் காத்துக்குள்ள ஒரு லாச்சி செய்தனான், எல்லாம் கனகச்சிதம், கடதாசிகூட நுழையாது. கார்த்திகை மழைக்கு மேசைக்குள்ள இறுகி, இழுக்க ஏலாமல் போட்டுது. கைப்பிடிதான் கையோட வந்தது. தை பிறந்து காய்ஞ்ச பிறகுதான் திறந்தது, உள்ளுக்குப் பாங்க் புத்தகம். ஆனால் புறாவால் மூட்டு ஒரு இடத்திலயும் பிரியேல்லை. மரம் ஊதினால் மூட்டும் வெடிக்க வேணும்தானே?

சாணைக்கல்

நல்ல கேள்வி. முகப்பிலும் பக்கத்திலும் நார் நீளவாக்கில் ஓடுகிறது, மூலையைச் சுற்றித் திரும்பிப் போகிற மாதிரி. மழைக்கு மரம் நாருக்குக் குறுக்கேதான் ஊதும், அதாவது இரண்டு பலகையும் உயரவாக்கில் சேர்ந்தே ஊதும். ஒன்றை ஒன்று இழுப்பதில்லை, அதனால் மூட்டுக்கு ஒன்றும் ஆகாது. உயரம் கூடியதால்தான் மேசைச் சட்டத்தில் இடித்தது. 90 மி.மீ. உயரத்துக்கு மேலே ஒன்று, ஒன்றரை மி.மீ. விட்டால் போதும். காய்ந்த பருவத்தில் செய்தால் ஒன்றரை.

அதனால்தான் அடிப்பலகையைப் பிளைவுட் இல்லாமல் முழு மரத்தில் போட்டால் பசை போடக்கூடாது என்பது. அது காடியில் சும்மா நிற்க வேண்டும். பலகைப்பித்தன், நீங்கள் அடிக்கு என்ன போடுகிறீர்கள்? காடி எடுத்துவிட்டீர்களா?

பலகைப்பித்தன்

4 மி.மீ. பிளைவுட். காடி இன்னும் எடுக்கவில்லை. கீழ் விளிம்பிலிருந்து 5 மி.மீ.யில் எடுக்கலாம் என்றிருந்தேன்.

சாணைக்கல்

ஐயோ, வேண்டாம். கீழே பாதி முளை எவ்வளவு அகலம் வைத்தீர்கள்? 6 இருக்கும் என்று நினைக்கிறேன். 5-ல் ஆரம்பித்தால் காடி அந்த முளையிலேயே ஓடும், அதன் அடியை அறுத்துவிடும், வெளியேயிருந்து பார்த்தால் சதுரமாக ஓட்டை. காடி வாலுக்குள் ஒளிய வேண்டும். வால் முனையில் 6-ல் ஆரம்பித்தாலும் அடிக்கோட்டில் ஒடுங்கி 8-க்கு வந்துவிடும். ஆகவே 9-லிருந்து 13 வரை எடுங்கள். முகப்பின் காடி குழிக்குள் போய் முடியும், பக்கத்தின் காடியைத் தோல் மூடும். எங்கும் தெரியாது. பின்பலகையின் உயரத்தைக் காடிக்கு மேலேயே நிறுத்திவிட்டால் அடிப்பலகையைப் பின்னாலிருந்து நுழைக்கலாம்.

மாடிவீட்டு_மைனா

ஐயா சொன்னபடி அளந்தேன். பெட்டி மூன்று மி.மீ. அகலம் கூடுதல். ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் வருகிறேன் என்கிறார்.

பலகைப்பித்தன் (அடுத்த ஞாயிறு)

நடந்ததைச் சொல்கிறேன்.

உளியின் பக்க விளிம்பை மெலிதாக்கினேன். ஒரு ஓரம் நீலமாகிவிட்டது, அதைத் தேய்த்து எடுக்கவே அரை மணி நேரம். ஆனால் அப்புறம் மூலைக்குள் போனபோது, இத்தனை நாள் சுத்தம் என்று நினைத்த இடத்திலிருந்து வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் வந்தது. மூன்று குழியிலும் சேர்த்து ஆறு சுருள். பழைய பலகையை மறுபடி வைத்துப் பார்த்தேன், கையழுத்தத்திலேயே தரை வரை போய் உட்கார்ந்தது. இடைவெளி அப்படியே இருந்தது, அது வேறு.

அப்புறம் புதுப் பலகை. சட்டம், க்ளாம்ப், ஆக்சா பிளேடு எல்லாம் நீங்கள் சொன்னபடி. குறுக்குக் கோட்டில் முதலில் தடம், பிறகு சாய்வு. கோட்டை முழுசாக விட்டு அறுத்தேன். வால்களுக்கு நடுவில் கழிவை எடுக்கும்போது அடிக்கோட்டிலேயே உளியை வைத்து ஓங்கித் தட்டிவிட்டேன். உளி பின்னால் நகர்ந்து கோட்டைத் தாண்டி அரை மி.மீ. நசுக்கிவிட்டது. நல்லவேளை உள்முகத்தில். வெளிமுகத்துக்கு முன் நிறுத்தி யோசித்தேன்.

கொட்டாப்புளி

கோட்டில் வைத்துத் தட்டினால் உளி பின்னால்தான் வரும். ஒரு பக்கம் சாய்ந்த முனை, முன்னால் மரம் அடைத்துக்கொண்டிருக்கிறது, வேறு எங்கே போகும்? கோட்டுக்கு ஒரு மி.மீ. தள்ளி முதலில் வெட்டி எடுத்துவிட்டு, கடைசி ஒரு மி.மீ.க்கு மட்டும் கோட்டில் வை. முன்னால் காலியாக இருந்தால் உளி நேராக இறங்கும்.

பலகைப்பித்தன்

அதைத்தான் பிறகு கண்டுபிடித்தேன் அண்ணே, ஒரு பலகை தாமதமாக.

சேர்த்தபோது முதலில் கால்வாசிதான் இறங்கியது. பென்சில் தேய்த்து, கறுப்பு ஒட்டின இடத்தை மட்டும் சீவினேன். நாலு தடவை. ஐந்தாவது தடவை கட்டையை மேலே வைத்துத் தட்டினேன், முக்கால் வரை போனதும் நிறுத்திவிட்டுக் கழற்றினேன். முழுசாக இறக்கி இறக்கிக் கழற்றினால் தளர்ந்துவிடும் என்று எங்கோ படித்தது.

இரண்டு முளையும் ஓரமும் நன்றாக இருக்கிறது. மேலே ஒரு வாலின் பக்கத்தில் மட்டும் முடி அளவு கோடு தெரிகிறது. ஒரு கார்டுகூட நுழையாது.

முகப்பின் மறுமுனைக்கு என்ன செய்ய? வால் முதலா, முளை முதலா?

சாணைக்கல்

அந்த முடி அளவுக்கு அதே சில்வர் ஓக்கில் ஒரு இழைப்புச் சுருள் எடுத்து, நார் வாலின் நார் போகும் திசையிலேயே இருக்கும்படி, பசை தொட்டு நுழைத்துவிடுங்கள். பசை நனைத்ததும் மரம் கொஞ்சம் ஊதும், பாதி தானாக மூடிவிடும். அதனால்தான் காய்ந்த நிலையில் கொட்டாப்புளி உடைகிற அளவு இறுக்கமும் வேண்டாம் என்பது. வெள்ளைப் பசை போட்ட பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

மறுமுனைக்கு வால் முதலில். இப்போது உங்களுக்கு ரம்பம் நிற்கிறது.

கொட்டாப்புளி

முளை முதலில். ஒரு முனை அப்படி வந்தாகிவிட்டது, கை அதற்குப் பழகியிருக்கும். எதற்கு மாற்றணும்?

லாச்சி_யாழ்

ரெண்டு முனையையும் ரெண்டு மாதிரிச் செய்து படத்தைப் போடுங்கோ தம்பி. எங்களுக்கும் பாக்கலாம்.

மெஷின்_மணி

அடுத்த இழுப்பறைக்காவது ஜிக் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகைப்பித்தன்

வால் முதலில் என்றுதான் நினைக்கிறேன் கொட்டாப்புளி அண்ணே, கோபிக்காதீர்கள். டேப் ஒட்டியாகிவிட்டது. இடக் கன்னத்துக்குப் படி எடுத்துவிட்டு நாளைக் காலையில் ரம்பத்தைத் தொடுகிறேன். வெளிச்சம் போய்விட்டது.

கொட்டாப்புளி

உன் இஷ்டம். ரம்பத்துக்கு மெழுகு தேய்த்தாயா?